பூட்டிய வீட்டின் மீட்டர் எண்

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்த முறை மின்கட்டணம் பூஜ்யம் என்று தகவல் வந்தால், டொரண்டோவில் இருக்கும் வீட்டுக்காரர் நிம்மதியாகிவிடுவார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணம் இல்லை. யாரோ ஒருவர் அந்த வீட்டிலிருந்து 90 யூனிட் எடுத்தாலும் பில் பூஜ்யம்தான். எத்தனை ரூபாய் என்று பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, எத்தனை யூனிட் என்று பார்த்தால்தான் தெரியும்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களின் வீடுகளையும் நிலங்களையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இதைச் சொன்னார். வயர்மேனாக இருந்தவர். முழங்கால் வலி வந்து கம்பத்தில் ஏற முடியாமல் போனபின் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவர் பொறுப்பில் இருக்கும் ஒரு சொத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஓட்டுக் கூடமும் பின்னால் கட்டிய கான்கிரீட் அறைகளுமாக ஒரு வீடு. அதோடு ஆறு மா நஞ்சை, அதாவது இரண்டு ஏக்கர். உரிமையாளர் கனடாவில் வேலையில் இருக்கிறார். அப்பா அம்மா இருவரும் காலமான பிறகு வீட்டைப் பூட்டியவர். இவரை "அண்ணே" என்று கூப்பிடுவார், இவருக்கு அவர் "தம்பி".

முதல் ஆண்டிலேயே ஒரு சம்பவம். மாதம் இரண்டு முறை போய், மோட்டாரை அரைமணி ஓட்டி, விளக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு வருவார். இதற்கெல்லாம் இரண்டு மாதத்தில் நாலைந்து யூனிட்டுக்கு மேல் ஆக வாய்ப்பில்லை. ஆனால் அந்த முறை கணக்கெடுப்பில் 39 யூனிட் ஓடியிருந்தது. பில் பூஜ்யம், தம்பிக்குச் சந்தேகமே வரவில்லை. இவருக்குத்தான் உறுத்தியது. கொல்லைப்புறத்தில் மோட்டாருக்காக வைத்திருந்த பிளக்கிலிருந்து பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்கள் வயர் இழுத்து, கம்பி வெட்டும் மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். பெரிய திருட்டு இல்லை, கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். ஆனால் சுற்றுச்சுவரைத் தாண்டி ஆள் வந்து போகிறான் என்ற செய்தி அந்த 39இல் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் போனதும் முதல் படம் மீட்டர். வேலை முடிந்து மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டபிறகு கடைசிப் படமும் மீட்டர். போன முறை கிளம்பும்போது இருந்த எண்ணும் இந்த முறை நுழையும்போது இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு யூனிட் கூடினாலும் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களில் யூனிட்டோடு தேதியும் நேரமும் மாறி மாறி ஓடும். தேதி வரும்வரை பொறுத்திருந்து அதையும் ஒரு படம் எடுப்பார். பழைய படத்தை அனுப்பி ஏமாற்ற அங்கே வழியில்லை. படம் எடுத்த இடத்தையும் நேரத்தையும் ஓரத்தில் அச்சடித்துக் கொடுக்கும் கேமரா செயலிகள் இருக்கின்றனவே என்றேன். "அதுல இடத்தையும் தேதியையும் நம்மளே மாத்திக்கலாம் சார். மீட்டரை நான் மாத்த முடியாது" என்றார். முப்பது வருஷம் மீட்டர்களோடு பழகியவர் சொன்னால் ஏற்கத்தான் வேண்டும்.

படம் அனுப்புவதில் பலரும் செய்யும் தவறு, நன்றாக இருக்கும் இடங்களை எடுப்பது. கூட்டிப் பெருக்கிய வாசல், பூத்திருக்கும் செம்பருத்தி, பளபளக்கும் கூடம். வீட்டுக்காரர் மனம் குளிர்ந்துவிடும். வீடு எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. இவர் வைத்திருப்பது மாறாத இடங்களின் பட்டியல். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கோணம், அதே வரிசை. போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் அருகருகே வைத்தால் மாற்றம் தானே தெரியும். சுவரில் ஈரக் கறை ஒரு சாண் இருந்தது ஒன்றரைச் சாண் ஆகியிருந்தால் வார்த்தையில் விளக்கவேண்டிய அவசியமில்லை.

மழைக்குப் பிறகு அவரோடு போனபோது முதலில் மாடிக்குத்தான் ஏறினார். ஐப்பசி, கார்த்திகையில் பூட்டிய வீட்டைக் கெடுப்பது மேல்தளத்தில் தேங்கும் நீர். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கையாலேயே வாரினார், ஐந்து நிமிடத்தில் வடிந்தது. ஒரு மாதம் நின்றிருந்தால் கான்கிரீட்டில் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். கைப்பிடிச் சுவரின் விரிசலில் இரண்டு இலையோடு ஓர் அரசங்கன்று. பறவை எச்சத்தில் விழுந்த விதை. விரலால் பிடித்து வேரோடு இழுத்தபோது வந்துவிட்டது. ஒரு வருடம் விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும், அப்போது மரத்தை எடுக்கச் சுவரை இடிக்கவேண்டும். ஓட்டுக் கூடத்தில் குரங்கு நகர்த்திய ஓடுகள் எத்தனை என்று கீழே நின்று வெளிச்சப் பொட்டுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே எல்லா வாய்களிலும் தண்ணீர் ஊற்றினார். குளியலறைத் தரை, கழிப்பறைக் கோப்பை, சமையலறைத் தொட்டி எல்லாவற்றிலும் ஒரு சொம்பு. வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கவேண்டும், அதுதான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கிறது. ஆள் புழங்காத வீட்டில் சில வாரங்களில் அது வற்றிவிடும். பூட்டிய வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வீட்டுக்காரர்கள் அதைச் செத்த எலி என்று நினைத்துப் பரணெல்லாம் தேடுவார்கள்.

கரையானுக்கு அவர் செய்யும் சோதனை எளிமையானது. வாசல் நிலையின் அடியில் பென்சில் பருமனில் மண்கோடு ஏறியிருந்தது. அதில் ஒரு விரற்கடை நீளத்தை உடைத்துவிட்டுப் படம் எடுத்தார். அடுத்த முறை வரும்போது உடைத்த இடம் மறுபடி பூசப்பட்டிருந்தால் உள்ளே கூட்டம் உயிரோடு இருக்கிறது, மருந்துக்காரரைக் கூப்பிட்டாகவேண்டும். அப்படியே இருந்தால் பழைய கோடு, செலவு தேவையில்லை. மருந்தடிக்கச் சில ஆயிரம் ரூபாய் கேட்கும்போது தம்பி கேள்வி கேட்காமல் அனுப்புவதற்கு இந்த இரண்டு படங்களே காரணம்.

படத்தில் வராதவற்றை இரண்டு வரியில் எழுதி அனுப்புகிறார்: "மேற்கு அறையில் புழுக்க வாசம். மோட்டார் சத்தம் மாறியிருக்கு, பேரிங் போகலாம்." இது அவசியம் என்று நினைக்கிறேன். நூறு படங்கள் அனுப்பி இந்த இரண்டு வரி இல்லாவிட்டால் அந்த அறிக்கை குறைதான். படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறார் தம்பி. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் உதிர்ந்துவிடும்.

இன்னொரு படத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கதவிடுக்கில் கிடந்த தபால்களைத் தரையில் பரப்பி, முகவரி தெரிய எடுத்தார். ஏன் என்று கேட்டேன். பூட்டிய வீட்டு முகவரிக்கு வேறொருவர் பெயரில் வங்கிக் கடிதமோ கேஸ் இணைப்புத் தாளோ வந்தால், யாரோ அந்த முகவரியைத் தம்முடையதாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் வழக்கென்று வந்தால் "இத்தனை வருஷமாக இங்கேதான் இருக்கிறேன்" என்று நீட்டப்படும் காகிதங்கள் இப்படித்தான் சேருகின்றன.

வீட்டைவிட நிலம் கடினம். வீட்டுக்குப் பூட்டு உண்டு. வயலின் எல்லை வரப்பு, வரப்பு நகரும். ஒவ்வொரு போகத்திலும் வரப்பைச் செதுக்கும்போது அண்டை வயல்காரர் தன் பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால், சில வருடங்களில் ஓர் அடி போய்விடும். நீளவாக்கில் ஓர் அடி என்றால் கணிசமான இடம். இதைப் போனில் இருக்கும் ஜிபிஎஸ் காட்டாது, அது சில மீட்டர்கள் முன்பின்னாகக் காட்டும் கருவி. காட்டுவது எல்லைக்கல்லும் டேப்பும்தான். வருவாய்த் துறையின் புலப்படத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை மீட்டர் என்று இருக்கும். அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும்போது வருடத்துக்கு ஒருமுறை, அண்டை வயல்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளக்கிறார். அவரைக் கூப்பிடாமல் அளந்தால் அது சண்டைக்கு அழைப்பாகிவிடும். கல்லே காணாமல் போயிருந்தால் மனுப் போட்டு சர்வேயரை வைத்து அத்து காட்டச் சொல்லவேண்டும்.

சும்மா கிடக்கும் நிலம் சும்மா கிடக்காது. இரண்டொரு வருடத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிடும், அப்புறம் அதை வேரோடு எடுக்க ஜேசிபி வாடகை கொடுக்கவேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோகும். யாராவது பயிர் வைத்திருப்பதே நிலத்துக்குப் பெரிய காவல். ஆகவே தம்பி நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். வெளிநாட்டு உரிமையாளர்களின் பயமும் இங்கேதான் தொடங்குகிறது.

1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தானும் தன் குடும்பமும் உடலுழைப்பைக் கொடுத்துப் பயிர் செய்யும் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற விடாது. 1969ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்கிறது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்களை ஒரே பேச்சில் வயலைவிட்டு இறக்கிய காலம் இந்த டெல்டாவில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த சட்டங்கள் இவை, வரவேண்டியவைதான். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் இதற்குப் பயந்து, உழுகிறவரை "நிலத்தைப் பார்த்துக்கொள்பவர்" என்று காகிதத்தில் எழுதிவைக்கிறார்கள். அது பொய், நீதிமன்றத்தில் நிற்காத பொய். உழுகிறவர் குத்தகைதாரர் என்றால் அப்படியே எழுதி, குத்தகையை வங்கி வழியாக வாங்கி, ரசீது கொடுப்பதுதான் இருவருக்கும் நல்லது.

இதில் அந்த வயர்மேன் ஒரு கோடு போட்டிருக்கிறார். தான் பார்த்துக்கொள்ளும் நிலம் எதையும் தானே பயிர் செய்வதில்லை. தம்பி ஒருமுறை, "நீங்களே வச்சுக்கங்களேண்ணே, எனக்குக் கவலையில்லை" என்று சொல்லியிருக்கிறார். இவர் மறுத்துவிட்டார். "நானே உழுதுட்டு நானே படம் எடுத்து அனுப்பினா, விளைச்சல் கம்மின்னு நான் சொல்றதை யாரு சார் சரிபார்க்கிறது?" எத்தனையோ உறவுகள் கெட்ட இடம் இதுதான். பெரியப்பா மகன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுப்போவார்கள். சில வருடம் நெல் வரும், அப்புறம் பணம் வரும், அப்புறம் "இந்த வருஷம் மழையில போச்சு" என்ற பேச்சு மட்டும் வரும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உண்மையா என்று அறிய வழியில்லாததுதான் சண்டையாகிறது.

கார்த்திகை வெள்ளத்தில் பயிர் மூழ்குவது இந்தப் பக்கம் அபூர்வமில்லை. ஒருமுறை சம்பாப் பயிர் நின்ற அந்த ஆறு மாவில் தண்ணீர் வடியவில்லை. குத்தகைதாரர் குறைத்துக்கொள்ளச் சொன்னார், தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போது கைகொடுத்தவை முன்பே எடுத்த படங்கள். ஒரு போகத்துக்கு நான்கு முறை, மதகடியில் ஒரே இடத்தில் நின்று எடுப்பது அவர் வழக்கம்: நாற்றங்கால், நடவு முடிந்ததும், கதிர் வரும்போது, அறுவடையில். நடவுப் படத்தில் பச்சையாக நின்ற பயிர், வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த படத்தில் வடகிழக்கு மூலையில் அழுகிக் கிடந்தது. மற்ற பக்கம் தேறியிருந்தது. சுமார் இரண்டு மா போய்விட்டது என்று மூவரும் ஒத்துக்கொண்டு, அந்த அளவுக்குக் குத்தகையைக் கழித்தார்கள். முழுதும் போச்சு என்ற பேச்சும் ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சும் அதோடு நின்றன.

படங்களுக்கு மேல் ஒரு காகிதம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல். எந்த சர்வே எண்ணில், எந்தப் போகத்தில், யார் என்ன பயிர் வைத்தார் என்பது அதில் ஏறும். ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டுக்கு ஒரு கணக்கு. பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் இந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். சாகுபடி செய்யாதவர் பெயர் அதில் ஏறியிருந்தால் காப்பீட்டுப் பணமும் அவர் கணக்குக்குப் போகும். வருடா வருடம் அடங்கலை எடுத்துப் பார்க்காத வெளிநாட்டு உரிமையாளர், மிக முக்கியமான அறிக்கை ஒன்றைப் படிக்காமல் விடுகிறார். பட்டாவையும் வில்லங்கத்தையும் அரசின் இணையதளங்களிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதை வீடு பார்ப்பவரிடம் விடக்கூடாது, உரிமையாளரே டொரண்டோவில் உட்கார்ந்து பார்க்கவேண்டியது.

சட்டம் பற்றிப் பலருக்கு இருக்கும் பயம் ஒன்றையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் சொத்து அவருக்கே என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. எதிரிடை அனுபவத்துக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பன்னிரண்டு வருடம் என்கிறது, உண்மை. ஆனால் உரிமையாளர் அனுமதித்து உள்ளே இருக்கும் காவலாளிக்கு அது பொருந்தாது. கோவாவில் ஒரு வீடு குறித்து சகோதரிக்கும் சகோதரருக்கும் நடந்த வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காவலாளியோ பணியாளோ எத்தனை காலம் இருந்தாலும் சொத்தில் உரிமை பெறுவதில்லை, உரிமையாளர் கேட்டால் காலி செய்யவேண்டும். ஆனால் அவர் காவலாளிதான் என்பதைக் காட்டக் காகிதம் வேண்டும். ஒரு பக்கத்தில், சாவி இன்னாரிடம் பார்த்துக்கொள்வதற்காகக் கொடுக்கப்பட்டது, மாதச் சம்பளம் இவ்வளவு, குடியிருப்போ வாடகையோ கிடையாது என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு, சம்பளத்தை வங்கியில் போட்டுவந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு சாட்சி சேரும். சம்பளமே கொடுக்காமல் சொந்தக்காரரை வைப்பதில் இருக்கும் ஆபத்து இதுவும்தான்.

யாராவது பூட்டை உடைத்துப் புகுந்துவிட்டால் நாள் முக்கியம். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருக்கு என்ற நீண்ட விசாரணைக்குள் போகாமல் அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். தேதி போட்ட மாதப் படங்கள் அந்த வழக்கில் பேசும். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து பார்ப்பவருக்கு, அந்த ஆறு மாதம் எப்போதோ போயிருக்கும்.

அதிகாரப் பத்திரம் கொடுக்கும்போது பலர் அச்சடித்த பொது அதிகாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் விற்க, அடமானம் வைக்க எல்லாம் இருக்கும். வீடு பார்ப்பவருக்குத் தேவை வரி கட்டுவது, மின்வாரியத்தில் மனுக் கொடுப்பது, நில அளவைக்கு விண்ணப்பிப்பது, போலீசில் புகார் கொடுப்பது, இவ்வளவே. அவற்றை மட்டும் எழுதவேண்டும். வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்படவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

நம்பிக்கை இரண்டு பக்கமும் வேண்டியது. வெளிநாட்டுக்காரரின் சந்தேகம் பற்றியே பேசுகிறோம், சாவியை வைத்திருப்பவரின் பயத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு குத்துவிளக்கு காணவில்லை என்றால் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். அதனால் சாவி வாங்குமுன் தம்பியோடு வீடியோ அழைப்பில் அறை அறையாக நடந்து, பித்தளை அண்டா முதல் ஊஞ்சல் சங்கிலி வரை எழுதிக்கொண்டார். செலவுக்கும் ஓர் ஒழுங்கு. கையில் ஒரு முன்பணம், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் கேட்டுவிட்டுத்தான் செய்வார். மோட்டாருக்கு காயில் கட்டினால் கருகிய பழைய காயிலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து காட்டுவார். மாதச் சம்பளம் நாலாயிரம், கூலியும் சாமானும் தனி. அது மூன்று மாதம் தள்ளிப்போனால் வீட்டுக்குப் போகும் கால் தானாக மெதுவாகும் என்று ஒளிக்காமல் சொன்னார். நடு ராத்திரியில் போன் செய்து "இப்பவே போய் ஒரு வீடியோ எடுங்க" என்ற வேறொரு வீட்டுக்காரரின் வேலையை அவர் விட்டுவிட்டார். சோதிப்பதில் தவறில்லை. எந்த நாளில் எதைச் சோதிப்பது என்று முன்பே பேசிக்கொள்ளாத சோதனைதான் மனிதரை அவமானப்படுத்துகிறது.

அவருக்கும் வயதாகிறது. தனக்குப் பிறகு பார்க்க ஓர் இளைஞரைப் பழக்கிக்கொண்டிருக்கிறார், மருமகன் முறை. கைமாறும் அன்று செய்யவேண்டியதை இப்போதே தம்பிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்: பழைய பட்டியலை வைத்து மூவரும் சாமான்களைச் சரிபார்ப்பது, அன்றைய மீட்டர் எண்ணைக் குறித்துக் கையெழுத்திடுவது, வாசல் பூட்டை மாற்றுவது, தன் பெயரில் இருக்கும் அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்து அந்த ரத்தையும் பதிவு செய்வது, குத்தகைதாரரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் புதிய ஆளை நேரில் கூட்டிப்போய்ச் சொல்வது.